ஆப்ஷன் விலை அதிகம்தானா?

2024 மே 31, வெள்ளிக்கிழமை. மறுநாள் மக்களவைத் தேர்தலின் கடைசிக் கட்ட வாக்குப்பதிவு. ஜூன் 4, செவ்வாயன்று முடிவு. நிஃப்டி 22,530.70 புள்ளியில் நின்றது. அடுத்த 30 நாட்களில் நிஃப்டி எவ்வளவு ஆடும் என்று ஆப்ஷன் விலைகள் சொல்கின்றனவோ, அதை ஒரே எண்ணாகக் காட்டும் இந்தியா விக்ஸ் 24.6-ஐ ஒட்டி இருந்தது. அந்த மே மாதத்தில் நிஃப்டி உண்மையில் ஆடியதை அளந்து பார்த்தால் 10.3 தான் வருகிறது.

இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்த யாருக்கும், ஆப்ஷன்கள் தாறுமாறான விலைக்குப் போகின்றன, விற்றுவிட வேண்டியதுதான் என்று தோன்றியிருக்கும். வித்தியாசத்தைப் புள்ளிகளாகப் பார்த்தால் அந்த ஆசை இன்னும் கூடும். சந்தை நிற்கும் விலையிலேயே எடுக்கும் ஒரு மாத ஆப்ஷனின் மதிப்பைத் தோராயமாகக் காண ஒரு குறுக்குவழி உண்டு. குறியீட்டின் விலை, ஏற்ற இறக்கம், காலத்தின் வர்க்கமூலம் மூன்றையும் பெருக்கி, 0.4-ஆல் பெருக்கினால் போதும். ஏற்ற இறக்கம் 10.3 என்றால் மே 31 அன்று அந்த ஆப்ஷன் சுமார் 260 புள்ளி பெறும். 24.6 என்றால் சுமார் 625 புள்ளி. பொருள் ஒன்றுதான், விலை இரண்டு மடங்குக்கும் மேல்.

அந்த 625 புள்ளி உண்மையிலேயே அதிகமா? இந்தக் கேள்விக்கு இரண்டு எண்களை ஒப்பிட்டு மட்டும் பதில் சொல்ல முடியாது. முதலில் அந்த 10.3 எப்படி வந்தது என்று பார்ப்போம்.

நாள் விலையிலிருந்து ஆண்டு எண்

நடந்து முடிந்த விலைகளிலிருந்து கணக்கிடுவதை வரலாற்று ஏற்ற இறக்கம் என்கிறோம். சந்தைக்காரர்கள் எச்.வி. என்பார்கள். ஆப்ஷனின் விலைக்குள் பொதிந்திருக்கும், இனி வரப்போகும் ஏற்ற இறக்கத்தைப் பற்றிய மதிப்பீடு ஐ.வி. முதலாவதை நாமே கணக்கிடலாம். இரண்டாவதை ஆப்ஷன் விலையிலிருந்து பின்னோக்கி எடுக்கிறார்கள். தரகு நிறுவனங்களின் ஆப்ஷன் பட்டியலில் அது தயாராகவே கிடைக்கும்.

எச்.வி.க்குத் தேவையானது தினசரி முடிவு விலை மட்டுமே. இன்றைய முடிவு விலையை நேற்றைய முடிவு விலையால் வகுத்து, அதன் இயல் மடக்கையை எடுக்க வேண்டும். இதுதான் அன்றைய லாக் வருவாய். சாதாரண சதவீதமே போதாதா என்று கேட்கலாம். தேர்தல் முடிவு வந்த வாரத்தில் நிஃப்டியின் அன்றாட சதவீத மாற்றங்களைக் கூட்டினால் 3.6 வருகிறது. வாரம் முழுவதற்குமான உண்மையான ஏற்றமோ 3.4-க்குச் சற்றுக் குறைவு. சதவீதங்களைக் கூட்டினால் இப்படிக் கணக்கு பிசகும். லாக் வருவாய்களைக் கூட்டினால் முதல் நாளுக்கும் கடைசி நாளுக்கும் இடையிலான லாக் வருவாய் அப்படியே கிடைக்கும். நாட்களைச் சேர்த்துச் சேர்த்து மாதமாக்கும் வேலைக்கு இந்தப் பண்பு அவசியம்.

அந்த வாரத்தையே எடுத்துக்கொள்வோம்.

| தேதி (2024) | நிஃப்டி முடிவு | லாக் வருவாய் (%) | வர்க்கம் |
|---|---|---|---|
| மே 31 | 22,530.70 | | |
| ஜூன் 3 | 23,263.90 | 3.20 | 10.26 |
| ஜூன் 4 | 21,884.50 | −6.11 | 37.36 |
| ஜூன் 5 | 22,620.35 | 3.31 | 10.94 |
| ஜூன் 6 | 22,821.40 | 0.88 | 0.78 |
| ஜூன் 7 | 23,290.15 | 2.03 | 4.13 |

வர்க்கங்களின் கூட்டல் 63.47. ஐந்து நாள் என்பதால் ஐந்தால் வகுத்தால் 12.69. வர்க்கமூலம் 3.56. அதாவது அந்த வாரம் ஒரு நாளின் அசைவு சராசரியாக மூன்றரைச் சதவீதம். இதை ஆண்டுக் கணக்காக்க 252-இன் வர்க்கமூலமான 15.87-ஆல் பெருக்க வேண்டும். 56.6 சதவீதம் வருகிறது.

இதில் இரண்டு இடங்களில் வாசகருக்கு ஐயம் எழலாம். பாடப்புத்தகத்துத் திட்ட விலக்கச் சூத்திரம் ஒவ்வொரு வருவாயிலிருந்தும் சராசரியைக் கழித்துவிட்டு, நாட்களின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து வகுக்கச் சொல்லும். அப்படிச் செய்தால் இதே வாரத்துக்கு 62 வரும். நான் சராசரியைக் கழிக்கவில்லை; ஆப்ஷன் வேலையில் இருப்பவர்கள் பலரும் கழிப்பதில்லை. ஐந்து நாளின் சராசரி வருவாய் என்பது முழுக்கத் தற்செயல். அதை நம்பிக் கழித்தால் அளவு தெளிவாவதற்குப் பதிலாகக் குழம்பும். ஒரே சீராக நாளுக்கு 2 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் சந்தையைப் பாடப்புத்தகச் சூத்திரம் ஏற்ற இறக்கமே இல்லாத சந்தை என்று சொல்லிவிடும். ஆப்ஷன் விற்றவருக்கு அந்தச் சந்தையில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

இரண்டாவது, வர்க்கமூலம். ஒரு நாளின் அசைவு அடுத்த நாளின் அசைவோடு தொடர்பில்லாதது என்று கொண்டால், கூடிக்கொண்டே போவது வர்க்கம்தான், அசைவு அல்ல. நான்கு நாளின் வர்க்கம் ஒரு நாளின் வர்க்கத்தைப் போல நான்கு மடங்கு. ஆகவே நான்கு நாளின் அசைவு இரண்டு மடங்கு. ஆண்டுக்குச் சுமார் 252 வர்த்தக நாள் என்பது அமெரிக்க வழக்கம். இந்தியாவில் விடுமுறைகள் போக அதைவிடச் சில நாட்கள் குறையும். 248 என்று வைத்தாலும் பெருக்கும் எண் 15.87-க்குப் பதில் 15.75 ஆகும், அவ்வளவுதான். எதை எடுத்தாலும் எல்லாக் கணக்குக்கும் அதையே எடுங்கள்.

கணினித் தாளில் இது இரண்டே வரி. பி நெடுவரிசையில் முடிவு விலைகள் இருந்தால், 20 நாள் எச்.வி. இப்படி:

```
C3:   =LN(B3/B2)
D22:  =SQRT(SUMSQ(C3:C22)/20*252)*100
```

இரண்டையும் கீழே இழுத்துவிட்டால் ஒவ்வொரு நாளுக்கும் அதற்கு முந்தைய 20 நாளின் எச்.வி. வந்துவிடும்.

தனிப் பங்குகளுக்குச் செய்யும்போது ஒரு பொறி இருக்கிறது. போனஸ் அல்லது பங்குப் பிரிப்பு நடந்த நாளில் விலை சரிசெய்யப்படாத தரவாக இருந்தால் கணக்கு நாசமாகிவிடும். ரிலையன்ஸ் 2024 அக்டோபர் 28-இல் ஒன்றுக்கு ஒன்று போனஸ் தந்தது. திரையில் விலை பாதியாகத் தெரிந்தது, யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் சரிசெய்யாத விலையைப் போட்டால் அந்த ஒரு நாளின் லாக் வருவாய் −69 சதவீதம். மற்ற 19 நாளும் பங்கு அசையாமல் இருந்தாலும் 20 நாள் எச்.வி. 246 என்று வரும். மூன்றிலக்கத்தில் எச்.வி. கண்ணில் பட்டால் சந்தையைச் சந்தேகிக்கும் முன் தரவைச் சந்தேகிக்க வேண்டும்.

ஒரே நிஃப்டி, மூன்று எண்கள்

இப்போது அடுத்தடுத்த மூன்று வாரங்களைப் பாருங்கள். மே 27 முதல் 31 வரையிலான ஐந்து நாள் எச்.வி. 9.1. ஜூன் 3 முதல் 7 வரை 56.6. ஜூன் 10 முதல் 14 வரை 3.7. மூன்றும் சரியான கணக்குதான். ஆனால் நிஃப்டியின் ஏற்ற இறக்கம் எவ்வளவு என்று ஒருவர் கேட்டால் இவற்றில் எதைச் சொல்வது?

நாட்களைக் கூட்டினால் இந்தச் சிதறல் குறைகிறது. மே மாதம் முழுவதும் 10.3. ஜூன் மாதம் முழுவதும் 29.5. இரண்டு மாதத்தையும் சேர்த்து ஒரே கணக்காகப் போட்டால் 21.5. வாரக் கணக்கில் 3.7-க்கும் 56.6-க்கும் நடுவே அலைந்த எண், மாதக் கணக்கில் 10-க்கும் 30-க்கும் நடுவே வந்துவிட்டது. ஓராண்டுக் கணக்கில் போட்டால் இன்னும் நெருங்கி வரும். கால அளவு குறையக் குறைய எச்.வி. பெரிய வீச்சில் அலையும்; கூடக் கூட நடுவை நோக்கி ஒடுங்கும்.

இதைப் படமாக வரைந்தால் கூம்பு கிடைக்கிறது. கேலன் பர்கார்ட், மார்ட்டன் லேன் என்ற இருவர் 1990-இல் அமெரிக்க ஆய்விதழ் ஒன்றில் எழுதிய கட்டுரை இந்த முறையைப் பரவலாக்கியது. ஆப்ஷன் மலிவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்பதே அவர்கள் எடுத்துக்கொண்ட கேள்வி. ஒரு மாத ஆப்ஷனின் ஐ.வி.யை ஒரு மாத எச்.வி.க்கள் முன்பு எங்கெல்லாம் இருந்தன என்பதோடு ஒப்பிட வேண்டும், ஆறு மாத ஆப்ஷனை ஆறு மாத எச்.வி.க்களோடு ஒப்பிட வேண்டும் என்பதே அதன் சாரம்.

செய்யும் முறை நீளமானது, கடினமானது அல்ல. ஐந்தாறு ஆண்டு முடிவு விலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் 5 நாள் சாளரம்: ஒவ்வொரு நாளும் ஒரு நாள் நகர்த்தி, அந்தந்த ஐந்து நாளின் எச்.வி.யைக் கணக்கிடுங்கள். ஆயிரத்துக்கு மேற்பட்ட எண்கள் வரும். அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதுக்கு வரிசைப்படுத்தி ஐந்து எண்களை மட்டும் எடுங்கள்: மிகக் குறைந்தது, கால் பங்கு எண்கள் எதற்குக் கீழே இருக்கின்றனவோ அது, நட்டநடு எண், முக்கால் பங்கு எண்கள் எதற்குக் கீழே இருக்கின்றனவோ அது, மிக உயர்ந்தது. தாளில் இதற்கான சூத்திரம் `=PERCENTILE(D22:D1300,0.75)` போன்றது. பிறகு 10, 20, 60, 120 நாட்களுக்கு இதையே திரும்பச் செய்யுங்கள். கிடைமட்டத்தில் நாட்களையும் செங்குத்தில் எச்.வி.யையும் வைத்து ஐந்து கோடுகள் இழுத்தால், இடப்பக்கம் அகன்று வலப்பக்கம் குறுகும் உருவம் தெரியும்.

நிஃப்டிக்கு 20 நாள் நிரையில் கால் பங்குக் கோடு 10, நடுக்கோடு 12 அல்லது 13, முக்கால் பங்குக் கோடு 16 என்று வைத்துக்கொள்வோம். எந்த ஆண்டுகளைச் சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இவை சற்று முன்பின் ஆகும். உச்சக் கோடு மட்டும் அப்படியல்ல. 2020 மார்ச் உங்கள் தரவில் இருந்தால் அது 80-ஐத் தாண்டும். அந்த மாதம் 23-ம் தேதி ஒரே நாளில் நிஃப்டி 12.98 சதவீதம் விழுந்தது. மார்ச் 2020 தரவில் இல்லையென்றால் உச்சக் கோடு பாதிக்கும் கீழே இறங்கிவிடும். ஆகவே உச்சக் கோட்டை ஒரு புள்ளிவிவரமாகப் பார்க்காமல், இவ்வளவு தூரமும் நடந்திருக்கிறது என்ற பதிவாகப் பார்ப்பது நல்லது.

ஐ.வி.யைக் கூம்பில் குறிக்கும்போது நாட்களைக் கவனமாகப் பொருத்துங்கள். இந்தியா விக்ஸ் சொல்லும் 30 நாள் என்பது காலண்டர் நாள். அதில் வர்த்தக நாள் 20 அல்லது 21 தான். அதை 30 வர்த்தக நாள் சாளரத்தோடு ஒப்பிடுவது அடிக்கடி நடக்கும் தவறு. அதோடு, ஐ.வி. நடுக்கோட்டுக்குச் சற்று மேலே இருப்பது இயல்பு. ஆப்ஷன் விற்பவர் அளவற்ற நஷ்டத்துக்கான ஆபத்தை ஏற்கிறார். அதற்குக் கூலி கேட்கிறார். நடுக்கோடு 12.5-இல் இருக்க, ஐ.வி. 14 என்றால் அது அதிக விலை அல்ல, வழக்கமான விலை. முக்கால் பங்குக் கோட்டைத் தாண்டும்போதுதான் விலை அதிகமோ என்று யோசிக்கத் தொடங்க வேண்டும்.

மே 31-ம் ஜூன் 7-ம்

இனி தொடக்கக் கேள்வி. மே 31 அன்று 24.6 அதிகமா?

எச்.வி.யை மட்டும் பார்த்தால் 10.3-க்கு எதிரே 24.6; அதிகம். கூம்பைப் பார்த்தாலும் 16 என்ற முக்கால் பங்குக் கோட்டை வெகுதூரம் தாண்டி நிற்கிறது, அதிகம். நடந்தது என்ன? ஜூன் மாதத்தில் நிஃப்டி உண்மையில் ஆடியது 29.5. அதாவது 24.6 என்ற விலை குறைவாகத்தான் இருந்தது. அதற்கு விற்றுவிட்டு ஒவ்வொரு நாளும் ஈடுகட்டி வந்தவருக்கும் பொதுவாகக் கையைக் கடித்திருக்கும்.

கூம்பின் எல்லை இங்கே தெரிகிறது. கூம்பு கடந்த காலத்தின் எல்லா நாட்களையும் ஒன்றாகக் கலந்து வைத்திருக்கிறது. அடுத்த செவ்வாயன்று வாக்கு எண்ணப்போகிறார்கள் என்பது அதற்குத் தெரியாது. ஆப்ஷன் விற்பவர்களுக்குத் தெரியும். ஐ.வி. ஏறியிருப்பதற்கு நாட்காட்டியில் காரணம் இருந்தால், அந்தக் காரணத்தைத் தனியே பிரித்து எடுத்த பிறகே மிச்சத்தைக் கூம்பில் வைக்க வேண்டும்.

பிரிப்பதற்கும் அதே வர்க்கக் கணக்குதான். 24.6-ஐ 15.87-ஆல் வகுத்தால் நாளுக்கு 1.55. வர்க்கம் 2.4. இருபது நாளுக்கு 48. இதுதான் ஆப்ஷன் விலைக்குள் இருந்த மொத்தச் சரக்கு. தேர்தல் இல்லாத சாதாரண நாள் 12 சதவீத வேகத்தில் ஓடும் என்று கொண்டால், அதன் ஒரு நாள் வர்க்கம் 0.57, பத்தொன்பது நாளுக்கு 10.9. 48-இலிருந்து இதைக் கழித்தால் 37 மிச்சம். இந்த 37 முழுவதும் வாக்கு எண்ணும் ஒரு நாளுக்கு உரியது. வர்க்கமூலம் 6.1. ஆகவே மே 31 அன்று சந்தை, முடிவு வரும் நாளில் நிஃப்டி சுமார் 6 சதவீதம் மேலேயோ கீழேயோ போகும் அளவுக்கு விலை வைத்திருந்தது. இந்தியா விக்ஸில் தொலைவான ஸ்ட்ரைக் விலைகளும் சேர்வதால் அது நடு ஸ்ட்ரைக்கின் ஐ.வி.யைவிடச் சற்று உயரமாக இருக்கும். எனவே இது தோராயம்தான்.

இப்போது கேள்வி எளிமையாகிவிடுகிறது. 24.6 அதிகமா என்று கேட்க வேண்டியதில்லை. தேர்தல் முடிவுக்கு 6 சதவீத அசைவு அதிகமா என்று கேட்டால் போதும். அதற்குக் கூம்பு வேண்டாம், பழைய தேர்தல்கள் வேண்டும். 2019-இல் முடிவு வந்த நாளில் நிஃப்டி ஒரு சதவீதம்கூட அசையாமல் முடிந்தது. 2014-இல் ஒரு சதவீதத்தை ஒட்டி ஏறியது. 2009-இல் முடிவுக்கு அடுத்த திங்கட்கிழமை 17 சதவீதத்துக்கு மேல் ஏறி வர்த்தகமே நிறுத்தப்பட்டது. 2004-இல் முடிவு வந்த பிறகான திங்கட்கிழமை 12 சதவீதம் சரிந்தது. நான்கில் இரண்டு முறை ஒன்றுமில்லை, இரண்டு முறை ஊழிக்காற்று. இதை வைத்து 6 சதவீதம் அதிகம் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. என் பார்வையில், மே 31 அன்று ஐ.வி. அதிக விலையில் இல்லை. எவரும் அளவிட முடியாத ஒன்றுக்கு நியாயமான விலையில் இருந்தது.

ஜூன் 4 அன்று நிஃப்டியின் லாக் வருவாய் −6.11. சந்தை அந்த நாளுக்கு வைத்த விலை வியக்கத்தக்க அளவுக்குப் பொருந்தியது. தவறியது அக்கம்பக்கத்து நாட்களில். வாக்குக்கணிப்புகள் வெளியான பிறகான திங்கள் 3 சதவீதம் ஏற்றம், புதன் மீண்டும் 3 சதவீதம் ஏற்றம். இவ்விரண்டு நாளின் வர்க்கம் மட்டும் 21. மாதம் 29.5 ஆனதற்கு அதுதான் காரணம். ஒரு நிகழ்வுக்கு முன்னும் பின்னும் உள்ள நாட்களையும் நிகழ்வாகவே எண்ண வேண்டும் என்பதை இந்த வாரம் நன்றாகக் காட்டுகிறது.

அடுத்து ஜூன் 7, வெள்ளி. எல்லாம் தலைகீழ். ஐந்து நாள் எச்.வி. 56.6. இருபது நாள் எச்.வி. 29-ஐத் தாண்டிவிட்டது. இந்தியா விக்ஸ் 17-க்குச் சற்றுக் கீழே இறங்கியிருக்கிறது. எச்.வி.யை மட்டும் பார்ப்பவருக்கு ஆப்ஷன் மலிவாக, வாங்க வேண்டியதாகத் தெரியும். கூம்பைப் பார்ப்பவருக்கு 17 என்பது முக்கால் பங்குக் கோட்டுக்கு மேலே தெரியும். நாட்காட்டியிலும் தேர்தலுக்கு ஈடான எதுவும் மிச்சமில்லை. ஆகவே விலை அதிகம். ஜூன் 10 முதல் 28 வரை நிஃப்டி உண்மையில் ஆடியது 6.2. கூம்பு சொன்னதே சரி. நிகழ்வு முடிந்த பிறகு, பழைய எச்.வி. ஆளை ஏமாற்றும் நேரத்தில்தான் கூம்பு தன் மதிப்பைக் காட்டுகிறது.

அந்தப் பழைய எச்.வி. எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு இன்னொரு தடயம் உண்டு. ஜூன் முழுக்கச் சந்தை அமைதியாகப் போனபோதும் 20 நாள் எச்.வி. இறங்க மறுத்தது, ஜூன் 4 சாளரத்துக்குள் இருந்ததால். ஜூலை 2 அன்று அது 26.5. ஜூலை 3 அன்று அந்த ஒரு நாள் சாளரத்தைவிட்டு வெளியேறியதும் 15.4. சந்தையில் அன்று பெரிதாக எதுவும் நடக்கவில்லை. ஏற்றம் முக்கால் சதவீதத்துக்கும் குறைவு. எச்.வி. வரைபடத்தில் இப்படிச் செங்குத்தாக ஒரு வீழ்ச்சி தெரிந்தால், 20 நாள் பின்னால் போய்ப் பாருங்கள். ஒரு பெரிய நாள் அங்கே இருக்கும்.

முடிவு விலை மட்டும் பார்க்கும் எச்.வி.க்கு இன்னொரு குறையும் உண்டு. ஜூன் 4 அன்று நிஃப்டி நடுவே 21,300-க்கும் கீழே போய்விட்டு 21,884.50-க்கு மீண்டது. அந்த 600 புள்ளி ஆட்டம் நம் கணக்கில் ஏறவே இல்லை. அன்றன்றைய உச்ச, தாழ் விலைகளை வைத்து அளக்கும் முறையை மைக்கேல் பார்க்கின்சன் 1980-இல் வெளியிட்டார். நாளுக்குள் நடப்பதை அது பிடிக்கும். இரவில் நடப்பதை, அதாவது நேற்றைய முடிவுக்கும் இன்றைய தொடக்கத்துக்கும் இடையிலான தாவலை, தவறவிடும். நிலைகளை இரவெல்லாம் வைத்திருப்பவருக்கு முடிவு விலைக் கணக்கே பொருத்தம்.

கூம்பைக் கட்டும்போது மறக்கக் கூடாதது, சாளரங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கிடக்கின்றன என்பது. 60 நாள் சாளரத்தை ஒரு நாள் நகர்த்தினால், 59 நாட்கள் பழையவைதான். ஐந்து ஆண்டுத் தரவில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட 60 நாள் எண்கள் வரும். ஆனால் ஒன்றோடொன்று நாட்களைப் பகிராத சாளரங்கள் சுமார் 20 தான். 120 நாள் என்றால் சுமார் 10. கூம்பின் வலப்பக்க முனை ஒடுங்கித் தெரிவதில் ஒரு பகுதி உண்மை. ஒரு பகுதி, சாட்சிகள் குறைவாக இருப்பதால் வந்தது. ஸ்டூவர்ட் ஹாட்ஜஸ், ராபர்ட் டாம்ப்கின்ஸ் இருவரும் இந்தக் கோணலை ஆராய்ந்து, அதைத் திருத்தும் வழியையும் தந்திருக்கிறார்கள். வீட்டில் கணக்குப் போடுபவர் நீண்ட காலக் கோடுகளைக் கொஞ்சம் அகலமாக எண்ணிக்கொண்டால் போதும். ஆறு மாத ஐ.வி. உச்சக் கோட்டைத் தொட்டுவிட்டது என்பதற்காக மட்டும் அதை விற்கப் போகாதீர்கள். பத்துச் சாட்சிகளில் உச்சம் என்பது பெரிய உச்சம் அல்ல.

இவ்வளவும் கடந்து, நிகழ்வைப் பிரித்த பிறகும் ஐ.வி. முக்கால் பங்குக் கோட்டுக்கு மேலே நின்றால் அதை அதிக விலை என்று சொல்லலாம். அப்போதும் விற்பவர் எவ்வளவு விற்க வேண்டும் என்பதை முக்கால் பங்குக் கோடு தீர்மானிக்கக் கூடாது. 2020 மார்ச்சின் உச்சக் கோடு தீர்மானிக்கட்டும். ஏற்ற இறக்கம் 80-க்குப் போனாலும் கணக்கில் பணம் மிஞ்சும் அளவுக்கே விற்க வேண்டும்.

நிஃப்டியின் பழைய முடிவு விலைகள் niftyindices.com தளத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. தாளை அமைத்த பிறகு 2024 மே 31, ஜூன் 7, ஜூன் 14 ஆகிய மூன்று வெள்ளிக்கிழமைகளின் ஐந்து நாள் எச்.வி.யைப் பாருங்கள். 9.1, 56.6, 3.7 என்று வந்தால் உங்கள் சூத்திரம் சரி. 20 நாள் நிரைக்குப் போகலாம்.